வெள்ளவத்தையில் யாரும் செய்யவில்லை

ஆய்வுக் கட்டுரைகளின் அறிமுகப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வசனம் என்னை நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. "இலங்கையில் இது பற்றி இதுவரை எந்த ஆய்வும் மேற்கொள்ளப்படவில்லை" என்ற வசனம்தான். இலங்கை என்ற இடத்தில் கொழும்பு, மட்டக்களப்பு, வெள்ளவத்தை என்று எதைப் போட்டாலும் அது பொருந்தும், பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். இந்த ஊரில் யாரும் செய்யாத ஆய்வுகளை எண்ணத் தொடங்கினால் முடிவே இருக்காது. அவற்றில் எதைச் செய்தால் இன்று தெரியாத ஒன்று தெரியவரும் என்பதுதான் கேள்வி. அதற்கு இந்த வசனத்தில் பதில் இல்லை. ஆனாலும் எழுதுகிறவர்கள் அதை எழுதிவிட்டு, சரி, ஆய்வு இடைவெளியைச் சொல்லியாயிற்று என்று அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள்.

அண்மையில் என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பியின் கட்டுரை, சஞ்சிகை ஒன்றிலிருந்து திரும்பி வந்தது. முதுமாணிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளுக்கு ஏறி இறங்கி, நுளம்புக் குடம்பிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கெடுத்திருந்தார். களவேலை அவ்வளவு நேர்த்தி. கட்டடங்களின் முகாமைத்துவக் குழுக்களிடம் அனுமதி வாங்கி, காவலாளிகளிடம் கெஞ்சி, மொட்டைமாடித் திறப்புக்காகக் காத்திருந்து எடுத்த தரவு. மதிப்பாய்வாளர் களவேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அறிமுகத்தைப் பற்றித்தான் சொல்லியிருந்தார்: இடைவெளி என்று காட்டப்படுவது ஓர் இடத்தின் பெயர் மட்டுமே, பங்களிப்பு என்று சொல்லப்படுவதைத் தரவு தாங்கவில்லை. சாராம்சம் அவ்வளவுதான். தம்பிக்குக் கோபம். "அக்கா, யாருமே செய்யேல்லை எண்டதை விட என்ன இடைவெளி வேணும் இவைக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்த அறிமுகத்தைத் திருத்தினோம். கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. இங்கே அதைத் தமிழில் சொல்கிறேன்.

பழைய அறிமுகம் இப்படித் தொடங்கியது. உலகில் ஆண்டுக்கு 39 கோடி டெங்குத் தொற்றுகள் ஏற்படுவதாக 2013இல் வெளிவந்த மதிப்பீடு. பிறகு தென்கிழக்காசியா. பிறகு இலங்கை, 2017இல் பதிவான 1,86,101 சந்தேக நோயாளர்கள். பிறகு ஈடிஸ் நுளம்பின் வாழ்க்கை வட்டம், நான்கு வகை வைரஸ், தடுப்பூசியின் நிலை. மூன்றாவது பந்தியின் இறுதியில்தான் தொடர்மாடி என்ற சொல்லே வருகிறது. "கொழும்பில் தொடர்மாடிகள் வேகமாக அதிகரித்து வருகின்றன. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நுளம்புப் பெருக்கம் குறித்து இதுவரை ஆய்வு எதுவும் செய்யப்படவில்லை. ஆகவே இந்த ஆய்வு, தொடர்மாடிகளே கொழும்பில் டெங்கு பரவுவதற்குக் காரணம் என்பதை முதன்முறையாக நிரூபித்து, டெங்குவை ஒழிப்பதற்கான கொள்கைகளை வகுக்க உதவும்."

அறிமுகங்கள் ஏன் இந்த வடிவத்துக்கு வருகின்றன என்பது எனக்கு விளங்குகிறது. ஜோன் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990இல் சொன்ன மூன்று நகர்வுகளை ஏதோ ஒரு பயிற்சிப் பட்டறையில் எல்லோரும் கேட்டிருப்பார்கள்: முதலில் களத்தை நிறுவு, அடுத்து அதில் காலி இடத்தைக் காட்டு, பிறகு அந்த இடத்தில் உன் ஆய்வை வை. நல்ல அவதானிப்புத்தான். ஆனால் நடைமுறையில் முதல் நகர்வு மூன்று பந்திக்கு வீங்கி, இரண்டாவது நகர்வு ஒற்றை வசனமாகச் சுருங்கிவிடுகிறது. டெங்கு ஆபத்தானது என்பதை டெங்கு பற்றிய கட்டுரையைத் திறந்த வாசகருக்கு யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. இது வரை என்ன தெரியும், எந்த இடத்தில் அது நின்றுபோகிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்வதற்குத்தான் இடம் வேண்டும்.

முதலில் அந்த இட வசனத்தைச் சோதித்துப் பார்த்தோம். சோதனை எளிது: ஊரின் பெயரை எடுத்துவிட்டு வாசிக்க வேண்டும். "தொடர்மாடிகளில் நுளம்புப் பெருக்கம் குறித்து ஆய்வு செய்யப்படவில்லை." உடனே பிழை என்று தெரிந்துவிடும். சிங்கப்பூரில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் அடையாளமிட்ட பெண் நுளம்புகளை விட்டு, அவை மேலும் கீழும் இலகுவாகப் பரவுகின்றன என்று காட்டிய ஆய்வு 2004இலேயே வந்துவிட்டது. மலேசியாவில் உயர்மாடிக் குடியிருப்புகளில் வெவ்வேறு தளங்களில் முட்டைப்பொறி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஊரின் பெயரை எடுத்ததும் இடைவெளி மறைந்துவிடுகிறது என்றால், அந்த ஊரில் வேறு எங்கும் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று காட்ட வேண்டும். வெள்ளவத்தையில் கடற்காற்று வேறா, தண்ணீர்த் தாங்கிகள் வேறா, குப்பை அள்ளும் முறை வேறா? இருக்கலாம். ஆனால் தம்பி அதை அளக்கவில்லை. அளக்காத ஒன்றை இடைவெளி என்று சொல்லிவிட்டால், கட்டுரை அதை நிரப்பாமலே முடியும். மதிப்பாய்வாளர் அதைத்தான் பிடித்திருந்தார்.

படிவத்தின் ஓரம்

அன்று பின்னேரம் களவேலைப் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். வழக்கமான கணக்கெடுப்புப் படிவம்: இடது பக்கத்தில் வீட்டு இலக்கம், அடுத்து பாத்திரத்தின் வகை, தண்ணீர் உண்டா இல்லையா, குடம்பி உண்டா இல்லையா. பல தாள்களில் வீட்டு இலக்கக் கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த வரிகளுக்கு நேரே, தாளின் ஓரத்தில் நீலப் பேனையால் சின்னச் சின்னதாக எழுதியிருந்தார்: "மொட்டைமாடி", "லிஃப்ட் குழி", "நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம்", "பீலி, எட்டவில்லை", "படிக்கட்டுப் பூச்சாடி". இது என்ன என்று கேட்டேன். "அது ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை அக்கா. எந்த இலக்கத்தைப் போடுறது? அதான் ஓரத்தில எழுதினான். பகுப்பாய்வில தனியா 'பொது இடம்' எண்டு போட்டிட்டன்."

கட்டுரையின் உயிர் அந்த ஓரத்தில் இருந்தது. ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஈடிஸ் குடம்பிகளை அளக்க நாம் பயன்படுத்தும் சுட்டெண்கள் மூன்று. பார்த்த வீடுகளில் எத்தனை வீதத்தில் குடம்பி இருந்தது என்பது வீட்டுச் சுட்டெண். பார்த்த தண்ணீர்ப் பாத்திரங்களில் எத்தனை வீதத்தில் இருந்தது என்பது பாத்திரச் சுட்டெண். 100 வீடுகளுக்கு எத்தனை பாத்திரங்களில் குடம்பி இருந்தது என்பது பிரெட்டோ சுட்டெண். முதல் இரண்டும் மஞ்சள் காய்ச்சல் கட்டுப்பாட்டுக்காக 1923இல் முன்வைக்கப்பட்டவை, பிரெட்டோ 1954இல் வந்தது. வீடு என்றால் நான்கு சுவரும் ஒரு முற்றமும், முற்றத்திலுள்ள பீப்பாய் அந்த வீட்டுக்காரருடையது, அங்கே இவை நன்றாக வேலை செய்கின்றன. தொடர்மாடியில் முற்றம் இல்லை. முற்றத்தில் கிடக்க வேண்டியதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான மொட்டைமாடிக்கும் நிலக்கீழ்த் தளத்துக்கும் போய்விடுகிறது.

ஒரு கற்பனைக் கட்டடத்தை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். 40 வீடுகள். இரண்டு வீடுகளில் தலா ஒரு பாத்திரத்தில் குடம்பி. பொது இடங்களில் ஐந்து பாத்திரங்களில் குடம்பி. வீட்டுச் சுட்டெண் 40க்கு 2, அதாவது 5 வீதம். மொட்டைமாடி வீடு இல்லையே, அதனால் அங்கே ஐந்து இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் இந்த 5 அசையாது. பிரெட்டோ, வீடுகளுக்குள் இருந்ததை மட்டும் எண்ணினால் 5. பொது இடத்தையும் சேர்த்தால் 7 பாத்திரங்களை 40 வீடுகளால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் 17.5. ஒரே கட்டடம், ஒரே நாள், எண் மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. எது சரி என்பதைச் சுட்டெண் சொல்லாது, ஏனென்றால் பொது இடத்தை எந்த வீட்டின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அந்தச் சூத்திரத்திலேயே இடமில்லை. களத்தில் நிற்பவர் படிவத்தின் ஓரத்தில் எழுதினால் ஒரு பதில், எழுதாமல் விட்டால் இன்னொரு பதில்.

இப்போது இடைவெளியை ஊர்ப் பெயர் இல்லாமலே சொல்லலாம். தொடர்மாடிகளில் குடம்பி உள்ள பாத்திரங்களில் எவ்வளவு பங்கு வீடுகளுக்கு வெளியே, பொது இடங்களில் இருக்கிறது? வீட்டை அலகாகக் கொண்ட கணக்கெடுப்பில் எவ்வளவு விடுபட்டுப்போகிறது? முன்பு செய்தவர்கள் கவனிக்கத் தவறியதால் வந்த இடைவெளி அல்ல இது. அவர்கள் கையில் இருந்த அளவுகோல் வேறு வகை வீட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதால் வந்தது. சிங்கப்பூர், மலேசிய ஆய்வுகளும் இப்போது தடையாக இல்லை, துணையாக வருகின்றன: நுளம்பு மேல்மாடிக்குப் போகும் என்று அவை காட்டிவிட்டன, அப்படியானால் மேலே அது முட்டையிடும் இடம் யாருடைய கணக்கில் வருகிறது என்பது அடுத்த கேள்வி. முந்தைய ஆய்வுகளைக் குறை சொல்லித்தான் இடைவெளியைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. "முன்னைய ஆய்வுகள் இதைப் புறக்கணித்துள்ளன" என்று எழுதுவார்கள். பெரும்பாலும் அவை புறக்கணித்திருக்காது, வேறு கேள்வி கேட்டிருக்கும். அந்த ஆய்வைச் செய்தவரே மதிப்பாய்வாளராக வரும் வாய்ப்பும் குறைவில்லை. அதைவிட, குறை சொல்லும் வசனம் வாசகருக்கு ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எது வரைக்கும் அந்த ஆய்வு போனது என்று எழுதினால் வாசகருக்கு ஒரு வரைபடம் கிடைக்கிறது.

ஒவ்வொரு சொல்லுக்கும் கை வைத்துக் காட்டு

இனிப் பங்களிப்பு வசனம். தம்பியிடம் முடிவுகள் அட்டவணையைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, அது அட்டவணையின் எந்த நிரலில் இருக்கிறது என்று காட்ட வேண்டும், காட்ட முடியாத சொல் வெளியே போக வேண்டும் என்பதுதான் முறை. "தொடர்மாடிகளே" என்ற ஏகாரத்தில் ஓர் ஒப்பீடு ஒளிந்திருக்கிறது, ஆனால் அட்டவணையில் தனி வீடுகளே இல்லை. "கொழும்பில்": பார்த்தது கரையோரத்தில் அடுத்தடுத்த இரண்டு பகுதிகள், அதிலும் அனுமதி தந்த கட்டடங்கள் மட்டும். அனுமதி தருகிற முகாமைத்துவக் குழு சுத்தத்தில் அக்கறையுள்ள குழுவாக இருக்கலாம், ஆகவே அனுமதி தராத கட்டடங்களின் நிலை இதுவேதான் என்று சொல்ல வழியில்லை. "டெங்கு": அட்டவணையில் ஒரு நோயாளிகூட இல்லை. இருப்பது குடம்பி. குடம்பிச் சுட்டெண்களுக்கும் நோய்ப் பரவலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்று, அந்தத் தொடர்புக்கு உறுதியான சான்று மிகக் குறைவு என்றே முடிவுக்கு வந்தது. அப்படியிருக்கும்போது குடம்பியை எண்ணிவிட்டு டெங்கு என்று எழுதினால், துறை தெரிந்தவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார். "காரணம்": ஒரே பருவத்தில் ஒருமுறை பார்த்த கணக்கெடுப்பில் காரணம் எங்கிருந்து வரும்? "ஒழிப்பதற்கான கொள்கைகள்" பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

தம்பி ஒவ்வொரு சொல்லாகக் கையை எடுத்துக்கொண்டே போனார். முகம் வாடிவிட்டது. "அப்ப ஒண்டும் மிஞ்சாது போல இருக்கே அக்கா" என்றார். மிஞ்சியது. பொது இடம் என்ற நிரல் மிஞ்சியது. அதில் எந்த எந்தப் பாத்திரம் என்பதும், பார்த்த கட்டடங்களில் குடம்பியுள்ள பாத்திரங்களில் எத்தனை பங்கு அங்கே இருந்தது என்பதும், அந்தப் பங்கைச் சேர்த்தால் சுட்டெண் எவ்வளவு மாறுகிறது என்பதும். இவை மூன்றும் அவர் கையால் எண்ணியவை.

"முதன்முறையாக" என்ற சொல்லுக்குத்தான் பெரிய இழுபறி. அவருடைய மேற்பார்வையாளருக்கு அந்தச் சொல் இருக்க வேண்டும் என்று விருப்பம். நான் சொன்னது இதுதான்: அந்தச் சொல் வேண்டுமென்றால் எந்தத் தரவுத்தளங்களில், என்னென்ன சொற்களைப் போட்டு, எந்தத் திகதி வரை தேடினோம் என்று எழுதத் தயாராக இருக்க வேண்டும். பப்மெட்டில் ஆங்கிலத்தில் மட்டும் தேடிவிட்டு முதன்முறை என்று சொல்ல முடியாது. இங்கே பல்கலைக்கழக நூலகங்களில் அச்சிடப்படாத ஆய்வேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, சுகாதாரத் திணைக்களங்களின் உள் அறிக்கைகள் இருக்கின்றன, பூச்சியியல் உத்தியோகத்தர்கள் இதை எத்தனை தரம் பார்த்திருப்பார்கள் என்பது யாருக்குத் தெரியும். "நாமறிந்த வரையில்" என்று முன்னால் ஒட்டுவதால் தேடும் பொறுப்பு குறையாது. இடைவெளி சரியாகச் சொல்லப்பட்டிருந்தால் அந்தச் சொல் தேவையே இல்லை. இது தெரியாமல் இருந்தது, இப்போது இவ்வளவு தெரிகிறது என்று வாசகரே கண்டுகொள்வார். கடைசியில் அதை எடுத்துவிட்டோம்.

அப்புறம் எதிர்ப்பக்கச் சிக்கல் வந்தது. அடுத்த நாள் அவர் அனுப்பிய திருத்தத்தில் பங்களிப்பு வசனம் இப்படி இருந்தது: "இந்தச் சிறிய ஆய்வு, சில தொடர்மாடிகளில் பொது இடங்களும் ஓரளவு பங்களிக்கக்கூடும் என்பதைச் சுட்டிக்காட்ட முயலலாம்." மிகைப்படுத்தாமல் எழுதச் சொன்னால் எல்லோரும் போய் விழும் குழி இது. தயக்கச் சொற்களை எங்கே வைப்பது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். அவர் எண்ணிய பாத்திரங்கள் எண்ணிய பாத்திரங்கள்தான். அதில் "கூடும்", "லாம்" எதற்கும் இடமில்லை. அந்த எண்ணிக்கையிலிருந்து வெளியே காலை வைக்கும் இடத்தில்தான், அதாவது பார்க்காத கட்டடங்களுக்கு, பார்க்காத பருவத்துக்கு, நோய்க்கு நகரும்போதுதான் தயக்கம் வேண்டும். எண்ணியதைத் தயங்கிச் சொல்லி, எண்ணாததைத் துணிந்து சொல்வதுதான் பல கட்டுரைகளில் நடக்கிறது. இன்னொன்று, ஆய்வைச் சிறியது என்று சொல்வதில் பயனில்லை. எத்தனை கட்டடம், எந்தப் பகுதி, எந்த மாதங்கள் என்று சொன்னால் அளவை வாசகர் தாமே பார்த்துக்கொள்வார்.

எல்லைகளை எங்கே சொல்வது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அறிமுகத்தில் பெரிதாகச் சொல்லிவிட்டு, கட்டுரையின் கடைசியில் "வரையறைகள்" என்ற தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்வது இங்கே சாதாரண வழக்கம். ஆனால் பலர் அறிமுகத்தோடு நிறுத்திவிடுவார்கள், மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த முதல் வசனத்தைத்தான் காட்டுவார்கள். எல்லை பங்களிப்பு வசனத்துக்குள்ளேயே இருந்தால் அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவது கடினம்.

திருத்திய பந்தி

இறுதியில் வந்த அறிமுகம் பழையதில் பாதிகூட இல்லை. உலகப் புள்ளிவிவரம் போய்விட்டது, 2017 மட்டும் ஒரு வசனத்தில் நின்றது. இடைவெளியும் பங்களிப்பும் வரும் பந்தி ஏறத்தாழ இப்படி: "ஈடிஸ் குடம்பிக் கணக்கெடுப்பில் பயன்படும் வீட்டுச் சுட்டெண்ணும் பிரெட்டோ சுட்டெண்ணும் தனி வீட்டை அலகாகக் கொண்டவை. தொடர்மாடிகளில் மொட்டைமாடி, லிஃப்ட் குழி, நிலக்கீழ்த் தளம் போன்ற பொது இடங்கள் எந்த வீட்டுக்கும் உரியவை அல்ல. உயர்ந்த கட்டடங்களின் எல்லாத் தளங்களுக்கும் ஈடிஸ் பரவும் என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் குடம்பியுள்ள பாத்திரங்களில் எவ்வளவு பங்கு வீடுகளுக்கு வெளியே உள்ளது என்பதும், அவற்றைச் சேர்ப்பதும் விடுவதும் சுட்டெண்களை எவ்வளவு மாற்றும் என்பதும் தெளிவாக இல்லை. கொழும்பின் இரண்டு கரையோரப் பகுதிகளில், அனுமதி கிடைத்த தொடர்மாடிகளில், ஒரு மழைப் பருவத்தில் இந்தப் பங்கை அளந்தோம். பொது இடங்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் சுட்டெண்களைக் கணித்து ஒப்பிட்டோம். நோய்ப் பரவலை இந்த ஆய்வு அளக்கவில்லை."

கடைசி வசனத்தை அறிமுகத்தில் வைப்பதா என்று தம்பிக்குச் சந்தேகம் இருந்தது. நான் வைக்கச் சொன்னேன். வாசகரின் மனம் குடம்பியிலிருந்து நோய்க்குத் தானாகவே தாவும், அந்தத் தாவலை அங்கேயே நிறுத்துவது நல்லது. "தெளிவாக இல்லை" என்ற இடத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தோம். முதலில் "யாருக்கும் தெரியாது" என்று இருந்தது. அதுவும் ஒரு மிகைதான், இடைவெளியைப் பற்றிய மிகை. பங்களிப்பை அடக்கிச் சொல்லப் பழகியவர்கள்கூட இடைவெளியைச் சொல்லும்போது கை தளர்ந்துவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு தலைப்பைப் பார்த்தால் அங்கே பழைய கோரிக்கை அப்படியே நிற்கிறது: "கொழும்பில் டெங்குப் பரவலில் தொடர்மாடிகளின் தாக்கம்". அறிமுகத்தைத் திருத்துகிறவர்கள் தலைப்பையும், சுருக்கத்தின் கடைசி வசனத்தையும், ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தையும் மறந்துவிடுவது வழமை. "தாக்கம்" என்பது நாகரிகமாக உடுத்திக்கொண்ட "காரணம்". அதை "தொடர்மாடிகளின் பொது இடங்களில் ஈடிஸ் குடம்பிகள்: வீட்டை அலகாகக் கொண்ட சுட்டெண்களில் விடுபடுவது எவ்வளவு?" என்று மாற்றினோம். வேறு சஞ்சிகைக்குப் போன கட்டுரைக்கு வந்த முதல் கருத்து, பீலிகளை எட்ட முடியாத கட்டடங்களை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள் என்பது. தம்பி இப்போது படிவங்களின் ஓரத்தில் "எட்டவில்லை" என்று எழுதிய வரிகளைத் தனியாக எண்ணிக்கொண்டிருக்கிறார்.